ஆச்சியின் பாம்படம் கலையாமல் பழைய படத்தை அகலமாக்குவது

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் வீட்டுத் தார்சாவுல வச்சு எடுத்த 7க்கு 5 கலர் படம் ஒண்ணு. சட்டத்துக்குள்ள அடங்கலைன்னு ரெண்டு பக்கமும் வெட்டிட்டாங்க. இப்போ அகலம் அஞ்சரை இஞ்ச்தான். வலது ஓரத்துல ஆச்சி நிக்காங்க. ஒரு காதுப் பாம்படத்துல பாதியும், அந்தப் பக்கக் கையும் வெட்டுல போயிட்டு. இடது ஓரத்துல பெரியப்பா, சட்டை விளிம்போட ஒட்டி இருக்கு. 12க்கு 8 போடலாம்னு ஏஐ வச்சு நீட்டிப் பார்த்தேன். ஆச்சி பக்கத்துல யாருன்னே தெரியாத ஒரு பொம்பளை வந்து நிக்கா. பாம்படம் ஜிமிக்கி ஆயிட்டு. நடுவுல இருக்கவங்க முகம்கூட லேசா மாறிட்டு. ஆளுகளைத் தொடாம ஓரத்தை மட்டும் நீட்ட முடியுமா?"

முடியும் தம்பி. சுவரையும் தரையையும் ஏஐ மாடலிடம் விடுங்கள். ஆச்சியின் கையும் பாம்படமும் அதன் பொறுப்பில் போகக் கூடாது. அவற்றை அந்தப் படத்திலிருந்தே எடுத்து நீங்கள் முக்கால்வாசி கட்டிவிட்டு, மெருகு போட மட்டும் மாடலைக் கூப்பிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. நெகட்டிவ் இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் பலர் 120 பிலிமில் சதுரமாக எடுத்து, பிரிண்ட் போடும்போது நீள்சதுரமாக வெட்டுவார்கள். 35 மி.மீ. பிலிமாக இருந்தாலும் 7க்கு 5 தாளில் பிரிண்ட் போடும்போதே பக்கவாட்டில் கொஞ்சம் போயிருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் ஆச்சியின் உண்மையான கையே அதில் இருக்கும். கீழே நான் சொல்லும் எதுவும் தேவைப்படாது. படம் இன்னும் சட்டத்துக்குள் இருந்தால் கழற்றியும் பாருங்கள். சட்டத்தின் விளிம்பு சுற்றிலும் சில மில்லிமீட்டரை மறைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் படத்தை ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள். போனில் எடுத்தது போதாது. ஓரம் வளையும், வெளிச்சம் ஒரு பக்கம் ஏறும். ஸ்கேன் ஆனதும் விளிம்பில் பத்துப் பதினைந்து பிக்சல் சீவிவிடுங்கள். கத்தரித்த தாளின் வெள்ளைக் கோடோ ஸ்கேனர் நிழலோ ஒரு மயிரிழை இருந்தாலும் மாடல் அதைக் கதவு நிலை என்றோ தூண் என்றோ எடுத்துக்கொண்டு மேலே வரையும். நீங்கள் இழப்பது அரை மில்லிமீட்டர்தான்.

இனி உங்கள் படத்தின் கணக்கு. அஞ்சரைக்கு ஐந்து இஞ்ச் என்றால் 3300க்கு 3000 பிக்சல். சீவியதில் குறைந்ததை லேசாக அளவு மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். 12க்கு 8 என்பது 3க்கு 2 விகிதம், ஆகவே 3000 உயரத்துக்கு 4500 அகலம் வேண்டும். 1200 பிக்சல் புதிதாக வர வேண்டும். முடிந்த படத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். ஆச்சி பக்கம் கை வர வேண்டும் என்பதால் வலது பக்கம் 768, இடது பக்கம் 432 என்று பிரித்துக்கொள்வோம். ஏன் இப்படி விசித்திரமான எண்கள் என்பது கொஞ்சம் கழித்துத் தெரியும்.

முதலில் நடுவில் இருப்பவர்கள் முகம் ஏன் மாறியது என்று பார்ப்போம். சாட் பெட்டியில் படத்தைப் போட்டு "அகலமாக்கு" என்று கேட்கும் வகையில் செய்திருந்தால், அது பெரும்பாலும் முழுப் படத்தையும் புதிதாக வரைந்து தருவது. அதில் யார் முகத்துக்கும் உத்தரவாதம் இல்லை. எந்த இடத்தை வரையலாம் என்று குறிக்கும் மாஸ்க் போட்டு வெளிப்பகுதியை மட்டும் நிரப்பச் சொன்னாலும் முகம் மாறலாம். அதற்குக் காரணம் வேறு. ஸ்டேபிள் டிப்யூஷன், பிளக்ஸ் போன்ற மாடல்கள் பிக்சலில் வேலை செய்வதில்லை. படத்தை முதலில் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில் வேலை பார்த்து, கடைசியில் விரித்துத் தருகின்றன. குடும்பப் படத்தில் ஒரு தலை 80 பிக்சல் அகலம் இருந்தால் அந்தச் சுருக்கத்தில் அதற்குக் கிடைப்பது பத்துக் கட்டம். கண்ணுக்கு ஒன்றோ இரண்டோ. மாஸ்க் தொடாத முகமும் இந்தச் சுருக்கலுக்கும் விரித்தலுக்கும் போய்த்தான் வருகிறது, வரும்போது கண்ணும் உதடும் கொஞ்சம் குழைந்து வரும்.

இதற்குத் தீர்வு எளிது. மாடல் தந்த படத்தை முடிந்த படமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிலிருந்து புதிய ஓரங்கள் மட்டும் போதும். ஸ்கேன் செய்த 3300க்கு 3000 அப்படியே அதன்மேல் அதே இடத்தில் உட்கார வேண்டும். போட்டோஷாப்பின் Generative Expand புதிதாக வந்ததைத் தனி லேயராகத் தருவதால் உங்கள் மூலப்படம் கீழே பத்திரமாக இருக்கும். நோடு என்னும் பெட்டிகளை இணைத்து மாடலை ஓட்டும் கம்ஃபியுஐ மென்பொருளில் செய்தால் நீங்களே ஒட்ட வேண்டும்.

நான் கம்ஃபியுஐ-யும் எஸ்டிஎக்ஸ்எல்-லின் இன்பெயின்டிங் மாடலும் வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று அதில் திறந்து பார்க்கலாம்.

ஸ்கேனை மூன்றில் ஒன்றாகச் சுருக்கி 1100க்கு 1000 ஆக்குங்கள். எஸ்டிஎக்ஸ்எல் 1024க்கு 1024 அளவில் பழகியது. அதைவிட அகலமான படத்தைக் கொடுத்தால் ஏற்கெனவே வரைந்ததைத் திரும்ப வரையும் பழக்கம் அதற்கு உண்டு. அந்நியப் பொம்பளை வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் நீட்ட வேண்டாம். வலது பக்கத்துக்கு, படத்தின் வலது ஓரத்திலிருந்து 768 பிக்சல் அகலம் மட்டும் வெட்டி எடுத்து, அதோடு 256 வெற்றிடம் சேருங்கள், மொத்தம் 1024. இடது பக்கத்துக்கு 880 பிக்சலும் 144 வெற்றிடமும், அதுவும் 1024. எல்லா எண்ணும் எட்டால் வகுபடும். அப்போதுதான் மாஸ்க்கின் விளிம்பு அந்த எட்டுப் பிக்சல் கட்டத்தின் நடுவில் விழாமல் கோட்டின்மேல் விழும்.

இங்கேதான் ஓரத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து. வெற்றிடம் சேர்க்கும் Pad Image for Outpainting என்ற நோடில் feathering என்று ஓர் எண் இருக்கும். அது தானாகவே 40 என்று நிற்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அந்த 40 வெளிப்பக்கம் போவதில்லை, உங்கள் படத்துக்குள் போகிறது. விளிம்பிலிருந்து உள்ளே 40 பிக்சல் வரைக்கும் மாடல் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பதுதான் அது. நாம் மூன்றில் ஒன்றாகச் சுருக்கியிருப்பதால், கையில் இருக்கும் தாளில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஆச்சியின் மிச்சமிருக்கும் அரைப் பாம்படம் முழுக்க அதற்குள் வந்துவிடும். பாம்படம் ஜிமிக்கி ஆனது அப்படியாகத்தான் இருக்கும். மூலத்தைப் பிறகு மேலே ஒட்டினாலும் சரியாகாது: மாடல் தான் மாற்றி வரைந்த காதுக்குப் பொருத்தமாக மீதியை வரைந்திருக்கும், உண்மையான காதோடு அது சேராது. ஆகவே feathering 0 வையுங்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் 0 வைத்தால் சுவரில் ஒரு நேர்க்கோடு தெரியும். அதனால் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் வரையுங்கள். சுவரும் தரையும் வரும் இடங்களில் மட்டும் இருபது பிக்சல் போல உள்ளே போகட்டும். ஆச்சியின் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை விளிம்போடு நிற்கட்டும். பெரியப்பா பக்கமும் அப்படியே.

அடுத்து, வெற்றிடத்தை வெற்றிடமாக விடாதீர்கள். உங்களுக்கு அந்நியர் வந்து நின்றதன் முக்கியமான காரணம் இதுதான். வரிசையாக ஆட்கள் நிற்கும் படத்தில், ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அதற்கு அப்பால் இன்னும் ஆட்கள் இருப்பார்கள் என்று மாடல் நினைப்பதில் தப்பில்லை. அது பார்த்த படங்கள் அப்படி. ப்ராம்ப்டில் குடும்பப் படம் என்று எழுதினால் இன்னும் மோசம். ஆகவே எழுத்தில் ஆட்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்:

```
faded blue limewashed wall, red oxide cement floor,
old colour print, soft shade
```

எது வரக் கூடாது என்று எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டியில் person, face, crowd என்று போடலாம். ஆனால் எழுத்து பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை ஜிம்ப்பில் நீங்கள் செய்யும் கச்சா ஓவியம். குளோன் பிரஷ் வைத்து, பக்கத்துச் சுவரின் நீலத்தை வெற்றிடத்தின் மேல்பாதி முழுக்கத் தடவுங்கள். தரையின் சிவப்பைக் கீழே தடவுங்கள். தார்சாத் திண்டின் கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து நேராக இழுத்துவிடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. "இங்கே சுவர், வேறொன்றும் இல்லை" என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

இந்த ஓவியத்தை மாடல் மதிக்க வேண்டுமென்றால் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். VAE Encode (for Inpainting) நோடைப் பயன்படுத்தாதீர்கள். அது மாஸ்க் போட்ட இடத்தைச் சாம்பல் நிறமாக அழித்துவிட்டுத்தான் தொடங்கும், உங்கள் ஓவியம் வீணாகிவிடும். InpaintModelConditioning வழியாகக் கொடுங்கள். KSampler நோடில், எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் denoise எண்ணை 0.8 பக்கம் வையுங்கள். 1 வைத்தால் ஓவியம் மறைந்துவிடும்; 0.5க்குக் கீழே போனால் உங்கள் பிரஷ் தடவல் அப்படியே தெரியும்.

பெரியப்பா பக்கம் இதோடு முடிந்துவிடும். அவர் முழுசாகத்தான் இருக்கிறார், சட்டை விளிம்பைத் தொடுகிறது, அவ்வளவுதான். அங்கே நடக்கக்கூடிய கோளாறு, வெள்ளைச் சட்டை விளிம்பைத் தாண்டி வழிந்து ஒரு துணி மூட்டை மாதிரி ஆவது. கச்சா ஓவியத்தில் சட்டையை ஒட்டியே சுவரின் நீலம் தொடங்கிவிட்டால் அது நடக்காது. தோள் உருட்டாக முடியவில்லை, வெட்டினது போல இருக்கிறது என்று தெரிந்தால் வெளிப்பக்கம் நாலைந்து பிக்சல் சட்டை நிறத்தை வளைவாகக் கூட்டிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

ஆச்சிக்கு வருவோம். படத்தில் வலது ஓரத்தில் நம்மைப் பார்த்து நிற்கிறவருக்கு வெட்டுப்பட்டது அவருடைய இடது பக்கம். மறுபக்கக் கையை வெட்டி, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். பாம்படத்துக்கு அது சரி. இரண்டு காதிலும் ஒரே அமைப்பு; முகம் நேராக இருந்தால் முழுசாகத் தெரியும் காதை, தொங்கும் சோணையோடு சேர்த்து எடுத்துத் திருப்பி, மிச்சமிருக்கும் பாதியோடு பொருத்துங்கள். புதுப் பாதி மட்டும்தான் தெரிய வேண்டும், பழைய பாதி மேலே இருக்க வேண்டும். தங்கத்தில் வெளிச்சம் படும் இடம் மட்டும் திருப்பும்போது எதிர்ப்பக்கம் போய்விடும். தார்சாவில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். பழைய பாதியைப் பார்த்து அந்த மினுக்கத்தை மங்கலாக்கிச் சரியான பக்கம் ஏற்றிவிடுங்கள். பாம்படத்தை மாடலிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உருண்டையும் தட்டுமாக அடுக்கிய அந்தக் கனத்த நகையை அது பார்த்திருப்பது அபூர்வம். தோள் வரை இறங்கும் சோணையைப் பார்த்தால் பிழை என்று நினைத்துச் சின்னதாக்கிவிடப் பார்க்கும்.

சேலைக்குத் திருப்பி ஒட்டுவது சரிவராது. முந்தானை இடது தோளில் விழுகிறது. வலது தோளைத் திருப்பி இடது பக்கம் ஒட்டினால் அங்கே வெறும் ரவிக்கைதான் வரும், முந்தானை கழுத்துக்குப் பக்கத்தில் அறுந்து நிற்கும். ஊரில் யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், ஆனால் "ஆச்சி என்னமோ மாதிரி இருக்காங்களே" என்பார்கள். தோளுக்கு, படத்தில் மிச்சமிருக்கும் முந்தானையின் மடிப்பைக் குளோன் பிரஷ்ஷால் வெளிப்பக்கம் இழுத்து, கரை எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் தொடருங்கள். கைக்கு மட்டும் மறுபக்கக் கையைத் திருப்பி, முழங்கைக்கு மேல் முந்தானைக்கு அடியில் சொருகுங்கள். தோலின் நிறம் அந்தக் கையிலிருந்தே வருவதால், ஆச்சிக்குச் சம்பந்தமில்லாத வெளுத்த கை வரும் பிரச்சினையும் தீரும்.

விரல்களை முடிந்தவரை புதிதாகப் படைக்க வேண்டாம். திருப்பி ஒட்டிய கையில் விரல்கள் தெளிவாக இருந்தால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் மணிக்கட்டுக்குக் கீழே சேலை மடிப்புக்குள் மறைத்துவிடுங்கள். வயசானவர்கள் படத்துக்கு நிற்கும்போது முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம்தானே, கண்ணை உறுத்தாது.

இந்தக் கையையும் காதையும் சுருக்கிய படத்தில் செய்ய வேண்டாம். முதலில் சுருக்கிய அளவில் சுவரையும் தரையையும் முடியுங்கள். பிறகு முழு அளவுக் கேன்வாஸில் மூலத்தை ஒட்டி, ஆச்சியின் காதும் தோளும் வரும்படி 1024க்கு 1024 ஒரு சன்னலை வெட்டி எடுங்கள், முழங்கைக்கு இன்னொன்று. ஒட்டு வேலையை அங்கே செய்து, புதிய பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, denoise 0.35லிருந்து 0.45 வரை வைத்து ஓட்டுங்கள். இவ்வளவு குறைவாக வைத்தால் அது வடிவத்தை மாற்றாது. ஒட்டின் தடத்தை மட்டும் இழைக்கும். முழு அளவில் பாம்படத்துக்குக் கிடைக்கும் கட்டங்களும் சுருக்கிய படத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்கு. இதற்கான ப்ராம்ப்டில் மட்டும் cotton saree, elderly woman's arm என்று எழுதிக்கொள்ளலாம்.

சுவர் முடிந்த 144, 256 பிக்சல் ஓரங்களை 1100 பிக்சல் படத்தின் இடமும் வலமும் சேர்த்து, 1500க்கு 1000 அளவில் wall.png என்று சேமியுங்கள். அதைப் பெரிதாக்கி மூலத்தை மேலே ஒட்டுவதற்கு, கட்டளை எழுதி ஓட்டும் இமேஜ்மேஜிக் போதும்:

```
magick wall.png -filter Lanczos -resize '4500x3000!' big.png
magick big.png scan.png -geometry +432+0 -composite joined.png
```

432 என்பது இடது பக்கம் சேர்த்த அளவு. எல்லாம் முடிந்ததும் ஜிம்ப்பில் ஸ்கேனை அதே இடத்தில் மேல் லேயராக வைத்து, லேயர் மோடை Difference ஆக்குங்கள். ஆட்கள் இருக்கும் இடம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். எங்காவது சாம்பல் கோடு முகத்தின் வடிவில் தெரிந்தால் அங்கே மாடலின் பிக்சல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது லேயர் ஒரு பிக்சல் நகர்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்து "மாறலை" என்று சொல்வதைவிட இதை நம்பலாம்.

பிறகு சேரும் கோடு. சுவரில் ஸ்கேன் லேயருக்கு மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் அறுபது எண்பது பிக்சல் கரைத்துவிடுங்கள். சேலைத் துணியில் பத்துப் பிக்சலுக்கு மேல் வேண்டாம். தோலிலும் நகையிலும் கரைக்கவே வேண்டாம். அங்கே நிறம் பொருந்தவில்லையென்றால் புதிய பக்கத்தின் நிறத்தை Curves வைத்துப் பழைய பக்கத்துக்கு இழுங்கள், பழையதைத் தொடாதீர்கள். கடைசியாகச் சொரசொரப்பு. பழைய பிரிண்ட்டில் பொடிப்பொடியாக ஒரு மணல் இருக்கும்; மும்மடங்கு பெரிதாக்கிய சுவர் வழுவழுவென்று இருக்கும். நிறம் எவ்வளவு பொருந்தினாலும் இந்த வழுவழுப்புதான் காட்டிக்கொடுக்கும். புதிய பகுதியில் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்து, அதை அரைப் பிக்சல் மங்கலாக்கினால் பழைய மணலோடு சேரும். நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, சேரும் கோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

உங்கள் படத்தில் காதோடு போனது நல்லது. வெட்டு முகத்தின் நடுவே போயிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பாதி முகத்தைக் கொடுத்தால் மாடல் மீதியை அழகாகத்தான் வரைந்து தரும், ஆனால் அது யாரோ ஒருவருடைய பாதி. அந்த மாதிரிப் படத்துக்கு, அதே காலத்தில் அதே பக்கம் பார்த்து எடுத்த வேறு படம் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை வெட்டியபடியே விட்டுவிட்டு மறுபக்கத்தில் மட்டும் நீட்ட வேண்டியதுதான்.

ஸ்கேனைத் தனியாகப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீட்டிய கோப்பின் பெயரிலேயே "ஓரம் புதிது" என்று போட்டுவிடுங்கள். பத்து வருஷம் கழித்து பேரப்பிள்ளைகள் ஆச்சியின் கை அசலா என்று குழம்ப வேண்டாம். லேபில் கொடுக்கும்போது தானாகக் கலர் திருத்த வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். 4500க்கு 3000 என்பது 12க்கு 8 தாளில் ஓர் இஞ்சுக்கு 375 பிக்சல், தாராளம். சட்டம் போடுகிறவர் பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டாலும் போவது நீங்கள் சேர்த்த சுவர்தான்.